ஓட்டம் வளர்ந்தது, உணவும் வளர்ந்ததா?

கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகள் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கன்று ஈன்ற பசு நிறையப் பால் கறக்கிறது. ஆனால், அந்தக் கறவைக்கு ஏற்ற தீவனம் அதற்குக் கிடைக்கவில்லை. அவ்வாறாயின் அப்பசு மீண்டும் பருவத்திற்கு வரக் காலம் தாழ்த்தும். இரண்டு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம் என்று நாள்கள் கடந்துகொண்டே போகும். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தால், பல வேளைகளில் கருப்பையில் கோளாறு ஏதும் இராது. பாலுக்குச் செலவான சத்துப் போக மிஞ்சியது உயிரைக் காக்க மட்டுமே போதுமானதாக இருக்கிறது. ஆகவே உடல் தனக்கு அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்துவிட்டது. பிண்ணாக்கும் தவிடும் கூட்டிக் கொடுத்துச் சில வாரங்கள் காத்திருந்தால் பசு தானே பருவத்திற்கு வருகிறது.

நமது கிராமத்துப் பள்ளி மைதானங்களில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளின் உடலிலும் இதே கணக்குத்தான் நடைபெறுகிறது. பசுவுக்குப் பால் எப்படியோ, அவர்களுக்கு ஓட்டம் அப்படி. பயிற்சியை மாதந்தோறும் கூட்டிக்கொண்டு போகிறோம். தட்டில் விழும் சோற்றின் அளவோ முன்பு இருந்தபடியே இருக்கிறது. இந்த இடைவெளி சில மாதங்கள் நீடித்தால், எலும்பு முறியும் அளவுக்குத் தீங்கு விளைகிறது. அந்நிலை வருமுன்னரே உடல் சில அடையாளங்களைக் காட்டிவிடுகிறது. அவ்வடையாளங்கள் யாவை, கணக்கு எங்கே தவறுகிறது, அதை எப்படிச் சரி செய்வது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

உடலின் வரவு செலவு

உணவின் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுவது வழக்கம். ஒரு நாளில் உண்ட உணவின் மொத்தக் கலோரியிலிருந்து, அன்று பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழித்துவிட வேண்டும். மீதியுள்ளதைக் கொண்டுதான் உடல் தன் ஏனைய வேலைகள் எல்லாவற்றையும் நடத்தியாக வேண்டும். இதயம் துடிப்பதும், உடற்சூடு நிலைப்பதும், நோயை எதிர்ப்பதும், எலும்பு வளர்வதும், பெண்கள் பூப்பெய்துவதும், மாதவிடாய் ஒழுங்காக வருவதும் இந்த மீதியைப் பொறுத்தவையே.

இந்த மீதி போதுமா, போதாதா என்று அறிய, அதனை உடலின் கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்துப் பார்க்கிறார்கள். கொழுப்பு நீங்கிய எடை என்பது தசை, எலும்பு, உள்ளுறுப்புகள் ஆகியவற்றின் எடை. இதில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 45 கலோரி மிஞ்சுமாயின் உடல் தன் வேலைகளைக் குறைவின்றிச் செய்யும். 30 கலோரிக்கும் கீழே இறங்கி நாள்கணக்கில் அங்கேயே நிற்குமாயின், உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் லௌக்ஸ் என்னும் அம்மையார் இளம்பெண்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். 1998-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒரு முக்கியமான ஐயத்தைத் தீர்த்தது. கடும் பயிற்சியே பெண்ணின் உடலைக் கெடுக்கிறதா, அல்லது பயிற்சிக்கு ஈடான உணவு இன்மை கெடுக்கிறதா என்பதே அந்த ஐயம். பயிற்சி செய்தவர்களுக்கு அதற்கு ஈடாக உணவு கொடுத்தபோது, மாதவிடாயை நடத்தும் சுரப்பு நீரின் ஓட்டத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. உணவு குறைந்தபோதுதான் அது தடுமாறியது. 2003-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், மீதியை 45, 30, 20, 10 என்று படிப்படியாகக் குறைத்து ஐந்து நாள் வைத்துப் பார்த்தனர். 30-க்குக் கீழே சென்றதும் அந்தச் சுரப்பு நீரின் ஒழுங்கு குலைந்தது. ஐந்தே நாள்களில் இம்மாற்றம் தென்பட்டது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆகவே, 'பெண்பிள்ளை ஓடினால் உடம்பு கெட்டுவிடும்' என்று ஊரில் சிலர் கூறுவது சரியன்று. ஓட்டம் குற்றவாளியன்று, ஓட்டத்திற்கு ஈடு செய்யாத உணவே குற்றவாளி. பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது இதற்குப் பரிகாரம் ஆகாது.

ஒரு மாணவியின் கணக்கு

விளங்கும் பொருட்டு ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். இவள் குறிப்பிட்ட ஒருத்தியல்லள். எந்த ஊரிலும் இருக்கக்கூடியவள். வயது பதினைந்து, எடை 44 கிலோ. அதில் கொழுப்பு 8 கிலோ என்று கொண்டால், கொழுப்பு நீங்கிய எடை 36 கிலோ.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் மாலையில் மட்டும் விளையாடினாள். ஓடிய தூரம் சுமார் 3 கிலோமீட்டர். ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. எனவே 44 கிலோ எடையுள்ளவள் 3 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 130 கலோரி செலவாகும்.

அவளுடைய ஒரு நாள் உணவையும் பார்ப்போம். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தேநீர், 60 கலோரி. பள்ளிக்குப் புறப்படுமுன் மூன்று இட்டிலியும் சட்னியும், 260. மதியம் பள்ளியில் சாதம், சாம்பார், முட்டை, 600. மாலையில் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும், 100. இரவில் சோறும் குழம்பும், 500. மொத்தம் 1,520 கலோரி. இதில் ஓட்டத்திற்கு 130 போக 1,390 மிஞ்சுகிறது. அதை 36-ஆல் வகுத்தால் 38 அல்லது 39 வரும். நிறைவான அளவு அன்று. ஆயினும் அபாயமும் இல்லை. அவள் சுறுசுறுப்பாகவே இருந்தாள்.

வட்டாரப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவள் முதலாவதாக வந்தாள். தேகப்பயிற்சி ஆசிரியர் அவளுடைய திறமையைக் கண்டு காலைப் பயிற்சிக்கும் வரச் சொன்னார். செப்டம்பர் மாதத்திற்குள் காலையில் 10 கிலோமீட்டர், மாலையில் 6 கிலோமீட்டர் என்று ஆகிவிட்டது. இப்போது ஓட்டத்திற்கே நாளொன்றுக்குச் சுமார் 700 கலோரி செலவு. உணவோ அதே 1,520. விடியலில் வெறும் தேநீரோடு ஓடச் செல்கிறாள். ஓடி முடித்து வீட்டுக்கு வந்தால் பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. மூன்று இட்டிலியை முழுதும் உண்ணவும் அவகாசம் இல்லை. முழுதும் உண்டதாகவே வைத்துக்கொண்டாலும், 1,520-இல் 700 போக 820 தான் மிச்சம். 36-ஆல் வகுத்தால் 23-க்கும் சற்றுக் குறைவு.

நான்கு மாதங்களில் 39-இலிருந்து 23-க்கு வந்துவிட்டாள். இதில் எவரும் அவளைப் பட்டினி போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் எப்போதும் போலவே சமைத்தாள். பெண் எப்போதும் போலவே உண்டாள். பசி மிகுந்தால் தானே கேட்டு உண்பாள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், கடுமையாக ஓடிய பிறகு பசி சில நேரம் மந்தப்பட்டுப் போகிறது. செலவுக்கு ஏற்ப வயிறு எப்போதும் கணக்குச் சொல்வதில்லை. இதனால்தான் இக்குறை வறுமையில்லாத வீட்டிலும் வருகிறது.

எடை குறையாமலும் இருக்கலாம்

'அவ்வளவு குறைவாக இருந்தால் பிள்ளை இளைத்துப் போயிருக்க வேண்டுமே?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். முதலில் ஓரிரண்டு கிலோ குறையலாம். பிறகு குறைவது நின்றுவிடும். காரணம், உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வரவு குறைந்த குடும்பம் கூரை வேய்வதையும் வேலி கட்டுவதையும் நிறுத்தி அடுப்பை மட்டும் எரிய வைப்பது போல, உடல் எலும்பைப் புதுப்பிப்பதையும் மாதவிடாயையும் நிறுத்தி, உடற்சூட்டையும் தாழ்த்தி, உயிரை மட்டும் ஓட்டுகிறது. வரவும் செலவும் கீழ்நிலையில் சமமாகிவிடுவதால் தராசு முள் அசைவதில்லை. எனவே எடை நிலையாக இருப்பதைக் கண்டு பிள்ளை நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யலாகாது. வளரும் வயதில் எடையும் உயரமும் கூடாமல் நிற்பதே ஒரு குறி என்பதையும் மறத்தல் கூடாது.

முதல் அடையாளம் மாதவிடாய்

பெண்பிள்ளைகளிடம் உடல் காட்டும் தெளிவான எச்சரிக்கை மாதவிடாய் தவறுவதே. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவளுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வராமற்போனாலும், 35 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு விட்டு வந்தாலும், பதினைந்து வயது நிறைந்தும் பூப்பெய்தாமல் இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும்; பயிற்சி நன்றாக நடக்கிறது என்று பொருள்' என்று சில பயிற்சியாளர்கள் சமாதானம் சொல்வதுண்டு. இது மிகவும் தவறான சமாதானம். மாதவிடாய் நின்றிருக்கும் காலத்தில் எலும்பைக் காக்கும் சுரப்பு நீரும் குறைந்துவிடுகிறது.

1984-ஆம் ஆண்டில் பார்பரா டிரிங்க்வாட்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரப் பெண்களின் முதுகெலும்பை அளந்தனர். அப்பெண்களின் சராசரி வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தியோ ஏறத்தாழ ஐம்பது வயதுப் பெண்களின் அளவில் இருந்தது. மனிதனின் எலும்புச் சேமிப்பில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் சேராததைப் பின்னர் முழுவதும் ஈடு செய்வது அரிது. பருவத்தில் விதைக்காத வயலில் பின்பு எவ்வளவு எரு இட்டாலும் அந்தப் போகம் திரும்பி வராது அல்லவா?

மாதவிடாயை வரவழைக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று இருப்பதும் உண்டு. மாத்திரையால் இரத்தப்போக்கு வரும். ஆனால் உணவுக் குறை அப்படியே இருக்கும். அடையாளம் மறைந்துவிடுவதால் தீங்கு அதிகமாகிறது. அதே வேளையில், மாதவிடாய் தவற வேறு காரணங்களும் உள்ளன. தைராய்டு கோளாறு, சினைப்பைக் கோளாறு, கர்ப்பம் முதலியவற்றை மருத்துவர்தான் சோதித்து விலக்க வேண்டும். வீட்டிலேயே நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

எலும்பு பேசும் மொழி

நமது மாணவிக்கு அக்டோபர் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வலித்தது. இரண்டு வாரத்தில் ஓடத் தொடங்கும்போதே வலித்தது. பிறகு இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தது. இந்த வரிசை மிகவும் முக்கியமானது. தசைப்பிடிப்பு வலி பெரும்பாலும் ஓய்வில் தணியும்; பரந்த இடத்தில் இருக்கும். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்தால், வலி ஒரே இடத்தில், விரல் நுனி வைத்துக் காட்டும்படி இருக்கும். அந்த இடத்தை அழுத்தினால் பிள்ளை துடிப்பாள். அந்தக் காலால் மட்டும் நொண்டியடித்தால் வலி கூடும்.

இத்தகைய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம். படத்தில் ஒன்றும் இல்லை என்பதற்காக மறுநாளே ஓடவிடுவது தவறு. வலி இருக்கும் வரை ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலி கணைக்காலில் அல்லாமல் தொடையின் மேற்பகுதியிலோ கவட்டையிலோ இருந்தால் தாமதம் கூடவே கூடாது. அங்கே இடுப்பு மூட்டை அடுத்த எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். அது முற்றிலும் முறிந்துவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டி வரும். ஆயுள் முழுதும் நடையும் பாதிக்கப்படலாம். அப்பிள்ளையை நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஏனைய சிறு அடையாளங்கள்

இவ்விரண்டும் பெரிய அடையாளங்கள். இவற்றுக்கு முன்னரே சிறு அடையாளங்கள் தோன்றுகின்றன. தனித்தனியே பார்த்தால் அவற்றுக்குப் பொருள் இல்லை. மூன்று நான்கு சேர்ந்து வந்தால் பொருள் உண்டு.

பயிற்சி கூடக் கூட நேரம் குறைய வேண்டியிருக்க, ஓட்ட நேரம் கூடிக்கொண்டு போகிறது. நமது மாணவி ஆகஸ்டில் 1500 மீட்டரை 5 நிமிடம் 15 விநாடியில் ஓடினாள். அக்டோபரில் 5 நிமிடம் 30 விநாடி ஆயிற்று. இந்நிலையில் ஆசிரியர், 'சோம்பல் வந்துவிட்டது' என்று எண்ணி மேலும் இரண்டு கிலோமீட்டரைக் கூட்டுகிறார். அதனால் மீதி இன்னும் குறைகிறது. இக்குறையில் பலர் செய்யும் பெரும்பிழை இதுவே.

மாதத்திற்கு ஒரு முறை சளியும் காய்ச்சலும் வருகின்றன. சிறு காயம் ஆற நாள் பிடிக்கிறது. மற்றவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் கை கால் குளிர்கிறது. மலச்சிக்கல் உண்டாகிறது. இரவில் உறக்கம் வருவதில்லை. பகலில் எரிச்சலும் அழுகையும் வருகின்றன. வகுப்பில் கவனம் செல்வதில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. சில பிள்ளைகள் உணவைப் பற்றி அளவுமீறிக் கவலைப்படுகிறார்கள். மற்றவர் முன்னிலையில் உண்ணக் கூசுகிறார்கள். இந்தக் கடைசி அடையாளம் இருந்தால் மனநல மருத்துவரின் உதவியும் வேண்டும்.

களைப்புக்கு இரத்தசோகையும் காரணமாகலாம். நமது கிராமங்களில் அது மிகுதி. ஆகவே இரத்தத்தில் ஹீமோகுளோபினைச் சோதிப்பது அவசியம். ஆனால், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். மாத்திரையில் கலோரி இல்லை.

ஆண்பிள்ளைகளும் விலக்கல்லர்

1992-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் இக்குறைக்கு முதன்முதல் பெயரிட்டபோது, பெண்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். 2014-ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, இக்குறை ஆண்களுக்கும் உண்டு என்றும், எலும்பையும் மாதவிடாயையும் மட்டுமன்றி உடல் முழுவதையும் பாதிக்கிறது என்றும் அறிவித்தது. 2023-ஆம் ஆண்டில் அந்த அறிக்கை புதுப்பிக்கப்பட்டது. ஓரிரு நாள் குறைவை உடல் தாங்கிக்கொள்ளும் என்றும், நீண்ட நாள் குறைவே தீங்கு செய்கிறது என்றும் அதில் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது.

நமது ஊர்களில் எடைப் பிரிவு வைத்து நடத்தும் கபடி, குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றில் இளைஞர்கள் இதில் சிக்குகிறார்கள். போட்டிக்கு முந்தைய வாரங்களில் இரவு உணவை விடுவதும், தண்ணீர் குடியாமல் ஓடி வியர்ப்பதும் வீரத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. ஆணுக்கு மாதவிடாய் போன்ற வெளிப்படையான குறி இல்லாமையால் குறை மறைந்தே இருக்கிறது. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் மிகவும் தாமதமாதல், தசை வலு குறைதல், விடியலில் இயல்பாக உண்டாகும் ஆண்குறி விறைப்பு வாரக்கணக்கில் இல்லாமற்போதல் ஆகியவை அவர்களுக்குரிய குறிகள். இவற்றைத் தந்தையோ, தமையனோ, மருத்துவரோ தனியே கூச்சமின்றிக் கேட்டறிய வேண்டும். ஆண்களுக்கு 30 என்னும் எல்லை அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. பெண்களை விடச் சற்றுத் தாழ்ந்த அளவு வரை அவர்கள் தாங்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

பெண்களுக்குங்கூட அந்த எண் வேலி போட்ட எல்லையன்று. ஒருத்திக்கு 33-இலேயே மாதவிடாய் தவறலாம். மற்றொருத்திக்கு 27-இலும் தவறாமல் இருக்கலாம். வீட்டில் உண்ணும் சோற்றைத் துல்லியமாக அளப்பதும் எளிதன்று. ஆகவே கணக்கை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். தீர்ப்பாகக் கொள்ள வேண்டியவை உடலின் அடையாளங்களே.

இடைவெளியை நிரப்புதல்

நமது மாணவியின் மீதியை 45-க்கு உயர்த்த என்ன வேண்டும்? 36-ஐ 45-ஆல் பெருக்கினால் 1,620. ஓட்டத்திற்கு 700. ஆக 2,320. இப்போது உண்பது 1,520. குறைவு 800 கலோரி. பார்ப்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், நிலத்தில் விளைவதைக் கொண்டே இதனை நிரப்பலாம்.

காலையில் ஓடச் செல்லுமுன் ஒரு வாழைப்பழம். இது 100 கலோரி. ஓடி முடித்த அரைமணி நேரத்திற்குள் சர்க்கரை சேர்த்த ஒரு டம்ளர் பால், இது 150. காலை உணவில் இன்னும் இரண்டு இட்டிலி, இவை 130. மாலைப் பயிற்சிக்கு முன்போ பின்போ ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த வேர்க்கடலையும் 20 கிராம் வெல்லமும். இவை இரண்டும் சேர்ந்து சுமார் 245. இரவில் இன்னும் 100 கிராம் சோறும், அதன் மேல் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும், இவை 175. கூட்டிப் பார்த்தால் 800 ஆகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உணவு முழுவதையும் இரவில் ஒரே வேளையில் திணிப்பதை விட, ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் பகிர்ந்து கொடுப்பது நல்லது. விடியற்காலை முதல் மதியம் வரை மீதி மிகவும் தாழ்ந்து நின்றால், இரவில் உண்பது அத்தீங்கை முழுவதும் துடைப்பதில்லை. இரண்டாவது, கீரையும் காய்கறியும் நல்லவையாயினும் அவை வயிற்றை நிரப்புமே ஒழியக் கலோரியை மிகுதியாகத் தருவதில்லை. நிறைய ஓடுகிறவளுக்குக் கடலை, எண்ணெய், வெல்லம், சோறு ஆகியவையும் வேண்டும். விரத நாள்களில் பயிற்சியையும் குறைத்துவிடுவதே முறை.

உணவு கூட்டுவதோடு ஓட்டத்தையும் சில காலம் குறைக்க வேண்டும். எலும்பில் வலி உள்ள பிள்ளைக்கு மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓட்டமே கூடாது. வலி இல்லாமல் மாதவிடாய் மட்டும் தவறியவள் 16 கிலோமீட்டரை 8 ஆக்கி, வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு எடுக்க வேண்டும். அதன் பலன் உடனே தெரியாது. உறக்கமும் மனநிலையும் சில வாரங்களில் சீராகலாம். மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். எலும்பு அடர்த்தி திரும்ப ஆண்டுகள் ஆகும். இதை முன்னதாகவே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட்டால், ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று கைவிட மாட்டார்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

கிராமப் பஞ்சாயத்துக்கு இதில் பெரிய செலவு இல்லை. காலைப் பயிற்சி நடக்கும் மைதானத்திலேயே, பயிற்சி முடிந்தவுடன் பிள்ளைகளுக்கு வாழைப்பழமோ, கடலை மிட்டாயோ, கேழ்வரகுக் கூழோ கிடைக்க ஏற்பாடு செய்யலாம். இருபது பிள்ளைகள் ஓடும் ஊரில், வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டாலும் இது நடைபெறும். வீட்டுக்கு ஓடி, குளித்து, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் தவறிப்போகும் உணவை மைதானத்திலேயே கொடுத்துவிடுவதுதான் இதன் நோக்கம்.

அடுத்து, தேகப்பயிற்சி ஆசிரியர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். அதில் வாரந்தோறும் ஓடிய தூரம், ஓட்ட நேரம், வலி, காய்ச்சல் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் மாதவிடாய் தவறுதலைக் கிராம சுகாதாரச் செவிலியரோ பெண் ஆசிரியரோ தனியே கேட்டறிந்து தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அது மைதானத்தில் பேசப்படும் பொருளாகிவிடக் கூடாது. தூரம் ஏறியிருக்க, நேரமும் கூடியிருக்குமானால், பயிற்சியைக் கூட்டுமுன் உணவைப் பற்றி விசாரிப்பது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

உயரத்தையும் எடையையும் மூன்று மாதத்திற்கு ஒரு முறை தனியே அளந்தால் போதும். எல்லோர் முன்னிலையிலும் வாரந்தோறும் தராசில் ஏற்றி, 'நீ குண்டாகிவிட்டாய். இரண்டு கிலோ குறைத்தால் வேகம் வரும்' என்று சொல்வது அறவே கூடாது. அந்த ஒரு சொல்லால் உணவை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. நடுவயதினருக்குப் பொருந்தும் அறிவுரை வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது.

மூன்று மாதம் மாதவிடாய் வராதவள், எலும்பில் ஓரிடத்து வலி உள்ளவர், எழுந்தால் மயங்குகிறவர் ஆகியோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அங்கத்தினர் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும், பிள்ளை மூன்று நாள் உண்ட உணவின் பட்டியலையும் கையில் கொண்டு செல்வது நலம். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவற்றைப் பற்றியவையாகவே இருக்கும்.

கறவை கூடினால் தீவனத்தைக் கூட்ட வேண்டும் என்று விவசாயிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் பயிற்சி ஆசிரியர், 'உங்கள் பெண் நாளை முதல் இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓடுவாள்' என்று கூறும்போது, 'அப்படியானால் அவளுக்கு இன்னும் என்ன கொடுக்க வேண்டும்?' என்று பெற்றோர் கேட்பார்களாயின், நாம் இதை எழுதியதன் பயன் கிட்டியதாகும்.